மணிக்குப் பத்து டாலரா, 176 ரூபாயா? தண்டையார்பேட்டை எடிட்டர் ஒருவரின் ஒரு மாதக் கணக்கு

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வீடியோ எடிட் செய்து கொடுக்கும் ஒரு பெண்ணின் ஒரு மாதக் கணக்கு இது. பி.காம். முடித்தவர், வயது 26. ஒரு மணி நேரப் பேட்டியை அனுப்பினால் அதிலிருந்து தலா ஒரு நிமிடம் வரும் ஐந்து செங்குத்து வீடியோக்களை வெட்டி, கீழே எழுத்து ஓடவிட்டு, பின்னணி இசை சேர்த்துக் கொடுப்பார். ஐந்து கிளிப்புக்கு 50 டாலர். இதுதான் அவர் விற்கும் ஒரே சரக்கு.

நான் எம்.சி. ரோடு துணிக்கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறவன். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் அவர் வந்தார். மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். “ஒரு ஆர்டருக்கு அஞ்சு மணி நேரம் ஆகும்ணா. அம்பது டாலர். மணிக்குப் பத்து டாலர், நம்ம காசுல 850 ரூபா” என்றார். சரி, மாதத்துக்கு எட்டு ஆர்டர் என்றால் 40 மணி நேர வேலைதானே, மீதி நேரம் என்ன செய்கிறாய் என்றேன். “மீதி நேரமா? தூங்கவே நேரம் இல்லண்ணா.”

அந்தப் பதிலில்தான் முழு விஷயமும் இருந்தது. மணிக்கு 850 ரூபாய் வாங்குகிற ஒருவருக்கு, மாதம் 40 மணி நேரமே வேலை என்றால், தூங்க நேரம் இல்லாமல் போகாது. அடுத்த மாதம் முழுவதும் எழுதி வைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

சூத்திரம் ஒரே வரி:

```
உண்மையான மணிக்கூலி = (வங்கியில் வந்த ரூபாய் − செலவு) ÷ மொத்த மணி நேரம்
```

காசிமேட்டில் படகு கரைக்கு வந்ததும் மீன் விற்ற பணத்தை அப்படியே பங்கு பிரிக்க மாட்டார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு. அடைப்புக்குள் உள்ள கழித்தல் அதேதான். வகுக்கும் எண்தான் தொல்லை பிடித்தது. ரூபாய்க்கு பாஸ்புக் இருக்கிறது, நேரத்துக்கு எதுவும் இல்லை.

நேரத்தைப் பிடிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதுமாக இருந்தது. உட்காரும்போது மணி என்ன, எழும்போது மணி என்ன, பக்கத்தில் எந்த ஆர்டர், என்ன வேலை என்று ஒரு சொல். இதற்கு மூன்று விதி வைத்தோம். ஒரு செய்திக்குப் பதில் போட்டால், அரை நிமிடமே ஆனாலும் ஐந்து நிமிடம் என்று எழுத வேண்டும். செய்த வேலையை விட்டுவிட்டு, போனைப் பார்த்து, திரும்ப வேலைக்குள் வருவதற்கு அவ்வளவு ஆகிறது. இரண்டாவது, ரெண்டர் ஓடும் நேரம், அதாவது வெட்டியதையெல்லாம் கணினி முழு வீடியோ கோப்பாக மாற்றும் நேரம். எழுந்து கடைக்குப் போய் வர முடிந்தால் அது வேலை நேரம் இல்லை. அடுத்த கோப்பை ஏற்ற வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தால் அது வேலை. மூன்றாவது, ஆர்டர் ஆகாமல் போன பேச்சும் எழுதப்பட வேண்டும். இதை அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “அது வேலையே இல்லையேண்ணா, சும்மா பேசினது” என்றார். கடையில் துணியைப் பிரித்துக் காட்டிவிட்டு ஆள் வாங்காமல் போனாலும் சேல்ஸ்மேனுக்குச் சம்பளம் உண்டுதானே என்றேன்.

நோட்டு சரியாக எழுதப்படுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லா வரியும் 2 மணி, 3 மணி என்று முழு எண்ணாக இருந்தால் அது இரவில் படுக்கும்போது நினைவிலிருந்து எழுதியது. அவருடைய முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. சரிபார்க்க எடிட்டிங் மென்பொருளின் ஆட்டோசேவ் ஃபோல்டரைத் திறந்தோம். சில நிமிடத்துக்கு ஒரு முறை அது தானாகச் சேமித்த கோப்புகளின் நேரம் அங்கே வரிசையாக இருக்கும். ஒரு ஆர்டருக்கு நோட்டில் 4 மணி நேரம் என்று இருந்தது. ஃபோல்டரில் மாலை 6:10 முதல் இரவு 12:05 வரை கோப்புகள் இருந்தன, இடையில் ஒன்பது மணி வாக்கில் மட்டும் அரை மணி இடைவெளி. அதாவது சாப்பாட்டைக் கழித்தால் ஐந்தரை மணி நேரம். இந்தத் தடயம் பழைய ஆர்டர்களுக்கும் கிடைக்கும் என்பதால், நோட்டு போடாதவர்கள்கூடப் போன மாதக் கணக்கை ஓரளவு மீட்க முடியும்.

முதலில் பணப் பக்கத்தை முடித்துவிடுகிறேன், அது சுலபம். அந்த மாதம் ஒன்பது ஆர்டர் வந்தது. ஒன்று ரத்தானது, எட்டுக்குப் பணம். 400 டாலர். கணக்குக்கு வசதியாக டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 34,000 ரூபாய். வாடிக்கையாளரையும் இவரையும் சேர்த்து வைக்கும் இணையதளம் 20 சதவீதக் கமிஷன் எடுக்கும். மீதி 320 டாலர், அதாவது 27,200 ரூபாய். ஆனால் வங்கிக்கு வந்து சேர்ந்தது 26,300. இடையில் காணாமல் போன 900 ரூபாயில் ஒரு பகுதி பணம் எடுக்கும் கட்டணம். பெரிய பகுதி எந்த ரசீதிலும் வராது. டாலரை ரூபாயாக மாற்றும்போது சந்தை விகிதத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் கொடுப்பதில் போய்விடுகிறது. அதனால்தான் திரையில் தெரியும் டாலரை எடுத்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது என்கிறேன். பாஸ்புக்கில் விழுந்த ரூபாய்தான் எண்.

கமிஷன் தளத்துக்குத் தளம் மாறும். பைவரில் விற்பவருடைய தொகையில் 20 சதவீதம். அப்வொர்க் 2023 மே முதல் 10 சதவீதம் என்று ஒரே விகிதம் வைத்திருந்தது. 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை மாறும் விகிதம் வந்துவிட்டது. அங்கே கமிஷன் குறைவாகத் தெரிந்தாலும் வேலைக்கு விண்ணப்பிக்கவே கனெக்ட் என்ற டோக்கன் வாங்க வேண்டும். ஒன்றின் விலை 0.15 டாலர். ஒரு வேலைக்கு 12 கனெக்ட் கேட்டால் 1.80 டாலர். பத்து விண்ணப்பத்தில் ஒன்று கிடைக்கிறது என்றால் அந்த ஒரு வேலையின் தலையில் 18 டாலர் ஏறிவிடும். 50 டாலர் வேலையில் இது 36 சதவீதம். எந்தத் தளம் மலிவு என்ற கேள்விக்குக் கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், தேதி. டெலிவரி முடிந்த பிறகும் இரண்டு வாரம் பணத்தைப் பிடித்து வைத்துத்தான் சில தளங்கள் விடுவிக்கும். மாதக் கடைசியில் செய்த வேலைக்கு அடுத்த மாத நடுவில்தான் பணம் வரும். இந்த மாதம் வந்த பணத்தை இந்த மாத மணி நேரத்தால் வகுத்தால் விடை தப்பாகத்தான் வரும். ஆர்டர் எண்ணை வைத்து, எந்த வேலைக்கு எந்தப் பணம் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். தளம் டிடிஎஸ் பிடித்தால் அது செலவில் சேராது. வருமான வரித் துறையின் தளத்தில் தெரியும், தாக்கல் செய்யும்போது ஈடு கட்டிக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம்.

செலவுக்கு வருவோம். எடிட்டிங் மென்பொருள் சந்தா மாதம் 2,000. எழுத்து ஓட்டும் தனிச் செயலி 900. இசைக்கு வருடச் சந்தா 9,000, மாதத்துக்கு 750. ஆகமொத்தம் 3,650. லேப்டாப் 60,000 ரூபாய்க்கு வாங்கியது. இந்த வேலைக்கு நான்கு வருடம் தாங்கும் என்று வைத்தால் மாதம் 1,250. இணையம் எப்படியும் வீட்டில் இருந்ததுதான், எனவே முழு பில்லையும் இதில் ஏற்றவில்லை. பெரிய கோப்புகளுக்காக வேகமான திட்டத்துக்கு மாறியதில் கூடிய 300 ரூபாய் மட்டும்.

மின்சாரத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. லேப்டாப் பெரிதாக இழுக்காது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ஏ.சி. இல்லாமல் இரண்டு மணி நேரம் ரெண்டர் ஓட்டினால் லேப்டாப்பும் தாங்காது, ஆளும் தாங்க மாட்டார், அந்த ஏ.சி.தான் செலவு. நம் ஊர் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையே மாறிவிடும். ஆகவே வீட்டு பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடுவது சரியாக வராது. இந்த வேலை இல்லாதிருந்தால் பில் எவ்வளவு வந்திருக்கும் என்று பார்த்து வித்தியாசத்தை எடுக்க வேண்டும். போன வருடம் இதே மாதங்களின் பில்லோடு ஒப்பிட்டதில் மாதத்துக்கு சுமார் 500 ரூபாய் கூடியிருந்தது. மொத்தச் செலவு 5,700. கையில் நின்றது 20,600.

இப்போது நோட்டு. எட்டு ஆர்டருக்கும் முதல் வெட்டு 44 மணி நேரம். அவர் சொன்ன ஐந்து மணி நேரக் கணக்கு இதை மட்டும்தான் குறிக்கிறது, அதுவும் 40 அல்ல 44. கோப்பு இறக்குவது, சரிபார்ப்பது, ஏற்றுவது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது 11. திருத்தங்கள் 23. ஆர்டருக்குள் நடந்த பேச்சு 8. ஆர்டர் ஆகாமல் போன விசாரணைகளும், அவற்றுக்காகச் செய்து கொடுத்த இலவச மாதிரிகளும் 16. ரத்தான ஆர்டர் 9. சொந்தப் பக்கத்தைப் புதுப்பிப்பது, பணம் எடுப்பது போன்ற பராமரிப்பு 6. கூட்டினால் 117 மணி நேரம்.

20,600 வகுத்தல் 117. மணிக்கு 176 ரூபாய்.

850 எப்படி 176 ஆனது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும். முதல் வெட்டின் உண்மையான நேரத்தை எடுத்ததுமே 850 என்பது 773 ஆகிறது. கமிஷனும் பணமாற்றமும் போனால் 598. செலவு போனால் 468. இதுவரை குறைந்தது பணத்தால். அடுத்து, கூலி இல்லாத 73 மணி நேரத்தை வகுக்கும் எண்ணில் சேர்த்ததும் 468 ஒரே அடியில் 176க்கு இறங்குகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒன்று சேர்ந்தால் பேசுவது கமிஷனைப் பற்றித்தான். எனக்கும் 20 சதவீதம் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கமிஷனே இல்லை என்று வைத்தாலும் அவருக்கு மணிக்கு 234 ரூபாய்தான் வந்திருக்கும். அதைக் குறைப்பது அவர் கையில் இல்லை. அந்த 73 மணி நேரத்தில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது.

அங்கேயும் சராசரியோடு நின்றிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. நோட்டில் ஆர்டர் வாரியாக எழுதியதன் பலன் அடுத்த பக்கத்தில் கிடைத்தது. எட்டு ஆர்டரும் மூன்றே ஆட்களிடமிருந்து வந்தவை. ஒருவர் தொழில்முனைவோர்களைப் பேட்டி எடுப்பவர், நான்கு ஆர்டர். இரண்டாமவர் உடற்பயிற்சி சொல்லித் தருபவர், மூன்று ஆர்டர். மூன்றாமவர் புதியவர், ஒன்று. எல்லாருக்கும் ஒரே விலை. ஒரு ஆர்டருக்கு வங்கியில் விழுந்தது ஏறக்குறைய 3,290 ரூபாய்.

பேட்டிக்காரரின் நான்கு ஆர்டருக்கும் சேர்த்து 31 மணி நேரம்தான் ஆனது, அதில் திருத்தம் 4. பயிற்சியாளரின் மூன்று ஆர்டருக்கு 39 மணி நேரம், திருத்தம் மட்டும் 13. புதியவரின் ஒரே ஆர்டருக்கு 16. செலவு 5,700ஐ இந்த 86 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 66 ரூபாய். அதைக் கழித்த பிறகு பேட்டிக்காரரின் வேலையில் மணிக்கு 358 ரூபாய் நிற்கிறது, பயிற்சியாளரின் வேலையில் 187.

புதியவருக்கு வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. விசாரணைகளுக்குப் போன 16 மணி நேரத்தையும் ரத்தான ஆர்டரின் 9 மணி நேரத்தையும் யார் தலையில் போடுவது? பழைய வாடிக்கையாளர்களுக்காக இவர் யாரிடமும் விசாரணை பேசவில்லை. அந்த 25 மணி நேரமும் புது ஆள் பிடிக்கப் போனதுதான், பிடிபட்டது ஒருவர். ஆகவே அவருடைய 16 மணி நேரத்தோடு 25ஐச் சேர்த்தேன். செலவு போக 2,231 ரூபாய், 41 மணி நேரம். மணிக்கு 54 ரூபாய்.

இந்த எண்ணைப் பார்த்ததும் “அப்போ புது ஆளே வேணாமாண்ணா?” என்றார். அப்படி இல்லைம்மா. பேட்டிக்காரரும் ஒரு காலத்தில் 54 ரூபாய் ஆளாகத்தான் வந்திருப்பார். புது ஆளின் முதல் ஆர்டரை வருமானம் என்று பார்ப்பதைவிட, அவர் திரும்ப வருவார் என்று போட்ட முதலீடு என்று பார்ப்பதே சரி. திரும்ப வந்தால் அடுத்த ஆர்டரிலிருந்து அந்த 25 மணி நேரம் இல்லை. வராதவர்களிடம் அந்த முதலீடு போய்விட்டது. எனவே விசாரணைக்கு வருகிற ஆளிடம் பார்க்க வேண்டியது, அவரிடம் தொடர்ந்து வரக்கூடிய வேலை இருக்கிறதா என்பதை. வாரம் ஒரு பேட்டி போடுகிறவருக்கும், வாழ்நாளில் ஒரு திருமண நாள் வீடியோ போடுகிறவருக்கும் ஒரே விலை சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்து திருத்தம். பயிற்சியாளர் மோசமான ஆள் ஒன்றும் இல்லை. நன்றாகப் பேசுவார், ஐந்து நட்சத்திரம் போடுவார். அவருடைய ஒரு ஆர்டரின் செய்திகளை முழுக்கப் படித்தேன். முதல் நாள்: எழுத்துரு கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். மாற்றி அனுப்பினார். இரண்டாம் நாள்: மூன்றாவது கிளிப்பில் தொடக்கம் சப்பென்று இருக்கிறது, வேறு வரியிலிருந்து ஆரம்பிக்கலாமா. மாற்றினார். மூன்றாம் நாள்: நான்காவது கிளிப்பே வேண்டாம், 41வது நிமிடத்தில் முழங்கால் வலி பற்றிப் பேசினேனே, அதைப் போடுங்கள். ஒவ்வொன்றும் “சின்னத் திருத்தம்தான்” என்று ஆரம்பித்தது.

எழுத்துரு மாற்றம் கையில் இரண்டு நிமிட வேலை. ஆனால் ஐந்து கிளிப்பையும் திரும்ப ரெண்டர் செய்து, ஒரு முறை ஓட்டிப் பார்த்து, முக்கால் ஜிபி கோப்பை ஏற்ற வேண்டும். வினாடிக்கு 10 மெகாபிட் ஏற்ற வேகத்தில் ஏற்றவே பத்து நிமிடம். மொத்தம் 50 நிமிடம் என்று நோட்டில் இருந்தது. மூன்றாம் நாள் கேட்டது திருத்தமே அல்ல, புது கிளிப். அதன் விலை 10 டாலர், அது இலவசமாகப் போனது. மூன்று திருத்தமும் ஒரே நாளில் ஒரே பட்டியலாக வந்திருந்தால் ரெண்டரும் ஏற்றலும் ஒரு முறையோடு முடிந்திருக்கும். பாதி நேரம் எடிட்டிங்கில் போகவில்லை, திரும்பத் திரும்ப ஏற்றியதில் போயிருக்கிறது.

இதிலிருந்து வந்த மாற்றங்கள் சில. வெட்டத் தொடங்கும் முன் எந்த ஐந்து பகுதி, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, முதல் வரி என்ன என்று ஒரு செய்தியாக அனுப்பி ஒப்புதல் வாங்குவது. எழுத்துரு, நிறம் எல்லாம் ஒரே ஒரு கிளிப்பில் காட்டி முடித்துக்கொள்வது. திருத்தம் இரண்டு சுற்று. ஒரு சுற்று என்றால் நிமிடம், வினாடியோடு ஒரே பட்டியல். ஒப்புதல் கொடுத்த பகுதியை மாற்றினால் கிளிப்புக்கு 10 டாலர். இலவச மாதிரி கிடையாது. வேண்டுமானால் ஒரு கிளிப் 10 டாலருக்கு. பயிற்சியாளருக்கு விலை 65 டாலர். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லத்தான் அவருக்குத் தயக்கம். போய்விட்டால்? 187 ரூபாய் வேலை போனால் அந்த 39 மணி நேரம் கையில் மிஞ்சுமே என்றேன். அதற்கு அவர் சொன்னது நியாயமானது: “மிஞ்சின மணிக்கு வேற வேலை வரணுமே.”

ஆமாம், மணிக்கூலி சொல்லாத விஷயம் அது. வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோ அவரை 18,000 சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தது. மாதம் 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம், போகவர ஒரு மணி நேரம்: 260 மணி நேரம், மணிக்கு 69 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் 176 இரண்டரை மடங்கு. ஆனால் ஸ்டூடியோ 260 மணி நேரத்தையும் வாங்கிக்கொள்கிறது, தளம் அப்படி வாங்குவதில்லை. எவ்வளவுக்கு விற்கிறோம் என்பதும் எவ்வளவு விற்க முடிகிறது என்பதும் தனித்தனி எண்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மென்பொருள் பற்றியும் அவருக்கு ஒரு யோசனை இருந்தது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்கு மாறினால் மாதம் 2,000 மிச்சமாகும். நல்ல மென்பொருள்தான். ஆனால் கை பழக 25 மணி நேரமாவது ஆகும் என்று அவரே சொன்னார். மணிக்கு 176 என்றால் 4,400 ரூபாய், இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் ஈடுகட்ட. அதோடு பேச்சைக் கேட்டுத் தானாக எழுத்து போடும் வசதி அதன் இலவசப் பதிப்பில் இல்லை, காசு கொடுக்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான். அவர் இப்போது சந்தா கட்டும் மென்பொருளிலேயே அந்த வசதி உள்ளே இருந்தது, அவர் திறந்து பார்த்ததில்லை. 900 ரூபாய்ச் செயலியை நிறுத்தினோம். மாறுவது பற்றி அப்புறம் பார்ப்போம் என்று விட்டோம்.

ஒரு மாதக் கணக்கை வைத்து ரொம்பவும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் உண்மை. ரத்தான அந்த ஒரு ஆர்டர் வராமலே இருந்திருந்தால் 176 என்பது 191 ஆகியிருக்கும். எட்டு ஒன்பது ஆர்டர் உள்ள ஆளுக்கு ஒரே சம்பவம் எண்ணை இவ்வளவு ஆட்டும். மூன்று மாத மணி நேரத்தையும் மூன்று மாதப் பணத்தையும் கூட்டி வகுப்பதே நிதானமான எண்.

மூன்றாம் மாதம் நோட்டில் இருந்தது இது. பேட்டிக்காரர் நான்கு ஆர்டர், பழைய விலை. பயிற்சியாளர் போகவில்லை, ஆனால் மூன்றுக்குப் பதில் இரண்டு ஆர்டர், 65 டாலர் வீதம். புதியவர் திரும்ப வந்தார், ஒன்று. விற்பனை 380 டாலர், முன்பைவிட 20 குறைவு. வங்கிக்கு 25,000 வந்தது. செலவு 4,800. கையில் 20,200, கிட்டத்தட்ட அதே பணம். மணி நேரம் மட்டும் 117லிருந்து 73 ஆகியிருந்தது. பேட்டிக்காரருக்கு 30, பயிற்சியாளருக்கு 20, புதியவருக்கு 11, விசாரணை 7, பராமரிப்பு 5. மணிக்கு 277 ரூபாய். மிஞ்சிய நேரத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். தூங்கினாராம்.

போன வாரம் ஒரு புது விசாரணை வந்தது. மாதம் 20 கிளிப், தொடர்ந்து வேலை, ஆனால் 160 டாலர்தான். கிளிப்புக்கு 8 டாலர் ஆகிறது. கமிஷனும் மாற்றமும் போக 10,520 ரூபாய் வரும். இங்கே சந்தா, லேப்டாப் செலவைக் கழிக்கவில்லை. இந்த ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கும், கூடுதல் ஆர்டரை எடைபோடும்போது அதனால் கூடுகிற செலவு மட்டுமே கணக்கு. பேட்டிக்காரர் போன்ற ஆளாக இருந்தால் 31 மணி நேரம், மணிக்கு 339. பயிற்சியாளரின் பழைய வழக்கம் போன்ற ஆளாக இருந்தால் 52 மணி நேரம், மணிக்கு 202. எந்த மாதிரி ஆள் என்பது பேசிப் பார்த்தால் தெரியாது, முதல் ஐந்து கிளிப்பின் திருத்தப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். ஆகவே முதல் ஐந்தை 50 டாலருக்குச் செய்வோம், அந்த நேரத்தைப் பார்த்துவிட்டு மாத விலை பேசுவோம் என்று எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அந்தச் செய்தியை எழுதிய 20 நிமிடம் நோட்டில் விசாரணைக் கட்டத்தில் ஏறிவிட்டது.